ஐந்தரைக் கட்டைக் காந்தாரம்

— களிம்புன்னு ஒரே ஒரு வார்த்த எழுதிக் குடுங்க அமிர்தசாமி அண்ணே. உங்க கால்ல வுழறேன்.

— எழுந்திரு அன்னாமேரி. கோயிலுக்குள்ள வந்து மனுஷன் கால்ல வுழுவாத. நான் இன்னும் ஆர்மோனியப் பொட்டியத் தொறக்கவே இல்ல. தொறக்காம எப்படி எழுதறது?

— அஞ்சு நாளா அடை மழ. பித்தள நாக்குல களிம்பு ஏறாம இன்னா செய்யும்? எங்கூட்டு சொம்புலயே பச்சப் பச்சையா பூத்துருக்கு.

— ஏறும். நான் ஏறாதுன்னு சொல்லல. கேட்டுக்கோ, பட்டணத்துலேர்ந்து வில்லியனூர் வரிக்கும் ரயிலு, அங்கேர்ந்து சேத்துல நடை. எதுக்கு வந்தேன்? பாத்துட்டு உள்ளத எழுதத்தான் பெரிய சாமி என்னக் கூப்புட்டாரு. அவரு இன்னா சொன்னாரு, அத மொதல்ல சொல்லு. உம் புருஷன் வாயத் தொறக்க மாட்டேங்கறான்.

— ஞாயித்துக்கெழம பூசையில பொட்டி ஊளையிட்டுச்சுண்ணே. இவரு எப்பவும் வாசிக்கிற பாட்டுதான். சனங்கல்லாம் திரும்பிப் பாத்துச்சு. பூச முடிஞ்சு சாமி எங்கூட்டுக்காரரக் கூப்ட்டு, “பிலவேந்திரா, இது மழையால ஆச்சுன்னா கோயிலு செலவுல சரி பண்றேன், நீ இருக்கற வூட்லயே இரு. மனுசன் கை பட்டு ஆச்சுன்னா, அந்தப் பொட்டி இனிமே கோயிலுக்கு ஆவாது. அத உந்தலையில தூக்கிக்கினு கோயில் வூட்ட வுட்டுப் போயிடு. நான் வேற பொட்டி வரவழைச்சிக்கறேன்”ன்னாரு.

— அதுக்கு இவன்?

— நின்னாரு. செவுரு மாதிரி நின்னாரு. இல்ல சாமின்னு ஒரு வார்த்த வர்ல. அதான் உங்க கால்ல வுழுந்தேன்.

— இப்ப எங்க அவன்?

— நாளைக்கி மறுநா கல்லறத் திருநா இல்லியா. கொழந்த கல்லறையச் சுத்தம் பண்ணப் போயிருக்காரு. அவ செத்து ஒரு வருஷமாச்சு. இவரு ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுலேர்ந்து வுடல. கல்லறைய மட்டும் தேய் தேய்னு தேய்க்கறாரு.

— சரி. மூடிய நான் தூக்கறேன், நீ அந்த வெளக்க இப்டிப் புடி. இன்னும் கொஞ்சம் கீழ. ம்ம்.

— களிம்புதானேண்ணே?

— இந்த அடிப் பலகையில வெரல வெச்சி எடு. வெரல்ல இன்னா ஒட்டியிருக்கு?

— மினுமினுன்னு... தூசி.

— பித்தளத் தூளும்மா. களிம்பு பச்சையா இருக்கும், இது பொன்னாட்டம் இருக்கு. அரம் போட்டா வுழற தூளு. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கச் சொல்றியே என்ன.

— மாதாவே.

— உனக்குத் தெரியும் இல்ல?

— அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கேண்ணே. முக்கோண அரம். அவரு சட்டைக்குள்ளேர்ந்து வுழுந்துச்சு. நான் எடுத்து ஒளிச்சுட்டேன். கிறுக்குப் புடிச்சுப் போச்சு அவுருக்கு. கொழந்த போன துக்கம் உள்ளயே அழுகி, இப்ப கோயிலு சாமானத்த நாசம் பண்ண வெச்சிருக்கு. இதுக்கு மேல வூடும் போச்சுன்னா எங்கண்ணே போவோம்?

— பொறு. நாசமான்னு பாக்கணும். நாசம் பண்றவன் வேல ஒரு மாதிரி இருக்கும், இது வேற மாதிரி இருக்கு. நீ துருத்திய மிதி. நெறைய வாணாம், ஒரே சீரா மிதி. இது இன்னா தெரியுமா எங்கையில?

— இரும்பு முள்ளு. நீங்க வர்றப்பல்லாம் கொண்டாருவீங்களே.

— தியபசோன்னு பிரெஞ்சுக்காரன் பேரு வெச்சிருக்கான். தட்டுனா பாரீசு ‘லா’ கேக்கும். நம்ம கணக்குல ஆறு கட்டை. எப்ப தட்டுனாலும் அதே சத்தந்தான். இப்ப பொட்டியில ஆறு கட்டைய அழுத்தறேன். ரெண்டையும் சேத்துக் கேளு.

— நடுங்குதே! வ்வ்வ்வுன்னு.

— எண்ணு. ஒரு நொடிக்கு மூணு தடவ நடுங்குது. ரெண்டு சத்தமும் ஒண்ணாவே இருந்தா நடுங்காது. கொஞ்சம் வித்தியாசம் இருந்தா அலை அலையா அடிக்கும். வித்தியாசம் கூடக் கூட அடியும் வேகமாவும். எங்க தொழில் அவ்ளோதான்மா, இந்த நடுக்கத்த எண்றது.

— ஆறு கட்டை கெட்டுப் போச்சு, அப்டித்தானே?

— ஏறிப் போயிருக்கு. கேட்டுக்கோ, களிம்பு புடிச்சா நாக்கு கனத்துடும், சத்தம் எறங்கும். ஏறவே ஏறாது. இதோ பாரு, நுனியில ராவியிருக்கான். நுனியில ராவுனா சத்தம் ஏறும், அடியில ராவுனா எறங்கும். இந்த நாக்கு ஏத்தம். அதுக்குப் பக்கத்துல ரெண்டு கட்டையத் தாண்டி இது, அடியில ராவியிருக்கு, எறக்கம். இது எறக்கம். இது ஏத்தம். இது ஒரு பொட்டுத் தொட்டிருக்கான், அவ்ளோதான்... பிலவேந்திரன் கிறுக்கன் இல்ல அன்னாமேரி. கிறுக்கனுக்கு இவ்ளோ பொறுமை வராது.

— அப்பறம் எதுக்கு ஊளையிடுது?

— அத இப்பக் காட்டறேன். ஒரு கட்டைய சட்ஜமமா வெச்சிப் புடிக்கறேன், ஞாயித்துக்கெழம வாசிச்ச மாதிரி. ச, ப. நல்லாத்தான் இருக்கா?

— நல்லாருக்கு.

— இப்ப ச, க.

— அய்யய்யோ, நிறுத்துங்க! நாய் அழுவற மாதிரி இருக்கு.

— ஒரு கட்டைய எறக்கி வெச்சிட்டு, அதுக்குக் காந்தாரமா வர்ற கட்டைய ஏத்தி வெச்சிருக்கான். நடுவுல பள்ளம் பெருசாயிடுச்சு. ஆனா இத வேற எடத்துலேர்ந்து தொடங்கிப் பாத்தா... வெளக்க இன்னும் கிட்டக் கொண்டா. இதத்தான் தேடறேன். பன்னெண்டு நாக்குல பதினொண்ணுல அரம் பட்டிருக்கு. ஒண்ணே ஒண்ணுல ஒரு கீறலும் இல்ல. தெரியுதா?

— கறுப்புக் கட்டையோட நாக்கு.

— அஞ்சரைக் கட்டை. பன்னெண்டு பன்னெண்டா நாலு சுத்து, நாலுலயும் அது மட்டும் அப்டியே இருக்கு. அத ஆணி அடிச்ச மாதிரி வெச்சிக்கினு மத்த எல்லாத்தையும் அதுக்குப் பக்கத்துல ஒக்காத்தி வெச்சிருக்கான். அதான் சட்ஜமம். இப்ப அஞ்சரையில ச, க ரெண்டும் புடிக்கறேன். மிதி. நடுங்குதா?

— இல்லண்ணே. ஒட்டிக்கிச்சு. ரெண்டு சத்தம்னே தெரியல.

— இத நான் சரி பண்ணி வெச்சப்ப, இதே எடத்துல ஒரு நொடிக்கு எட்டு தடவ நடுங்கும்.

— சரி பண்ணி வெச்சப்பவா நடுங்கும்? அது இன்னா சரி?

— அப்டிக் கேளு. எனக்குச் சொல்லிக் குடுத்த வெள்ளக்கார பிரேரு, மடத்துச் சகோதரரு, அவரு கிட்ட நான் கேக்காத கேள்வி அது. பொட்டியில சட்ஜமத்துலேர்ந்து மேல் சட்ஜமம் வரிக்கும் பன்னெண்டு கட்டை. நம்ம பாட்டுலயும் பன்னெண்டு சுரஸ்தானம். பேரு பதினாறு சொல்லுவாங்க, ஒரே வூட்டுக்கு ரெண்டு பேருன்னு சதுஸ்ருதி ரிஷபத்தயே சுத்த காந்தாரம்பாங்க. எடம் பன்னெண்டுதான். அங்கயும் பன்னெண்டு, இங்கயும் பன்னெண்டு, ரெண்டும் ஒண்ணுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. நானுந்தான் நெனச்சேன்.

— ஒண்ணு இல்லியா?

— நம்ம ஸ்தானம் சட்ஜமத்தப் பாத்துப் பொறந்தது. சட்ஜமத்துல தந்தி ரெண்டு தடவ ஆடற நேரத்துல பஞ்சமம் மூணு தடவ ஆடும். நாலு தடவ ஆடற நேரத்துல அந்தர காந்தாரம் அஞ்சு தடவ ஆடும். கணக்கு சுத்தமா வர்ற எடத்துல நடுக்கம் நின்னுடும். ஆனா பஞ்சமத்துக்குப் பஞ்சமம்னு பன்னெண்டு தடவ ஏறிப் போனா, திரும்ப சட்ஜமத்துல வந்து நிக்கணும் இல்ல? நிக்காது. ஒரு பொடி தாண்டிப் போயிடும்.

— தாண்டுனா?

— ஒரு கட்டைக்கு சுத்தமா வெச்சா இன்னொரு கட்டைக்கு ஊளையிடும். இப்ப கேட்டியே, அந்த மாதிரி. வெள்ளக்காரன் ஒரே பாட்டுக்குள்ளயே சட்ஜமத்த மாத்தி மாத்தி வெப்பான். அவனுக்கு அது ஒத்து வராது. அதனால அந்தத் தாண்டுன பொடிய பன்னெண்டுக்கும் சமமாப் பங்கு போட்டுட்டான். அண்ணந் தம்பி பன்னெண்டு பேருக்கு மேடு பள்ளம் பாக்காம கயித்தப் புடிச்சி நெலம் அளந்த மாதிரி. எங்க ஆரமிச்சாலும் கொஞ்சூண்டு தப்பா இருக்கும், எங்கயும் ரொம்பத் தப்பா இருக்காது. பஞ்சமத்துல மயிரிழை, தெரியவே தெரியாது. மத்தியமமும் அப்டித்தான். காந்தாரத்துலதான் அடி. நம்ம அந்தர காந்தாரத்தவிட பொட்டி காந்தாரம் ஒசந்து நிக்கும். சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம் அதுவும் ஒசரம். சுத்த ரிஷபமும் சாதாரண காந்தாரமும் தாழ்வு. ஆறு கட்டை ஏறியிருக்குன்னு முள்ளு சொல்லுச்சே? அஞ்சரைக்கு அது சுத்த ரிஷபம். ஏத்தித்தான் ஆவணும். கரெக்டா ஏத்தியிருக்கான் படுபாவி.

— இத அவரு எங்கண்ணே கத்துக்கினாரு? உங்களாட்டம் முள்ளு கூட இல்ல அவுரு கிட்ட.

— அதான் எனக்கும் புரியல. சாயங்காலத்துல எங்கியாச்சும் போவானா?

— போவாரு. ஆறு மாசமா நாயனக்காரர் வீரப்பன் வூட்டுக்குப் போறாரு. கள்ளு குடிக்கத்தான்னு நெனச்சி நான் ஏசாத ஏச்சு இல்ல. வாயில வாசன வர்லியேன்னு ஒரு நாளு கூட யோசிக்கல.

— வீரப்பன் வூட்ல ஒத்து ஊதுவாங்க. ஒரே சட்ஜமம், மணிக் கணக்கா. அத வெச்சிக்கினு ஒவ்வொரு சுரமா பாடிப் பாத்திருப்பான். எங்க நடுக்கம் நிக்குதோ அங்க நிக்கக் காது பழகியிருக்கும். அப்பறம் இங்க வந்து அரத்த எடுத்திருக்கான். ஆனா ஏன் அஞ்சரை? வீரப்பன் நாயனம் ரெண்டு கட்டை. கோயில் பாட்டெல்லாம் ஒண்ணு, ரெண்டு. ஆம்பளக் கொரலுக்கு அஞ்சரை ஆவாது. உன் கொரலா?

— எனக்கு நாலே எட்டாது. நான் தாலாட்டே கரகரன்னு பாடுனவ.

— அப்ப யாரு கொரலு? அன்னாமேரி? ஏன் மிதிக்கறத நிறுத்திட்ட?

— கிரேஸு.

— யாரு?

— எம் பொண்ணு கிரேஸ் மேரி. அஞ்சரையிலதான் அவ தனிப்பாட்டு பாடுவா. “அஞ்சரை வைப்பா, அஞ்சரை வைப்பா”ன்னு குதிப்பா. உங்களுக்கு ஞாபகம் இல்லியாண்ணே? நீங்க வந்தீங்களே.

— நான்...

— போன வருஷம் பட்டணத்து மில்லுல வேலநிறுத்தம் பண்ண சனங்களச் சுட்டாங்களே, அதுக்கு அடுத்த மாசம். மாதா திருநாளுக்கு அவ பாடப் போறா, பழகிக்கினு இருந்தா. கீர தூக்கிக்கினு வீரப்பன் வூட்டு வழியாப் போறவ, ஒத்துக் கேட்டுக் கேட்டு வளந்த காது. இவரு பொட்டி வாசிக்க, அவ பாட, காந்தாரம் வர்ற எடத்துல எல்லாம் இவரு மொகத்தச் சுளிப்பாரு. “கீழ போற, கீழ போற, மேல ஏறு”ன்னு அதட்டுவாரு. அவ ஏற மாட்டா. அப்பறந்தான் உங்களக் கூப்ட்டாரு, பொட்டி தப்பா பொண்ணு தப்பான்னு பாக்க.

— வேணாம் அன்னாமேரி.

— நீங்க முள்ளத் தட்டிப் பாத்தீங்க. ஒவ்வொரு கட்டையா எண்ணுனீங்க. எண்ணிட்டு...

— “பொட்டியில மயிரிழை தப்பு இல்ல பிலவேந்திரா. கொழந்தைக்குத்தான் காது சரியில்ல, காந்தாரம் தாழுது.” நாந்தான் சொன்னேன். மறந்துட்டேன் பாரு. ஒரு நாளைக்கி ஒம்போது பொட்டி பாக்கறவன், சொல்லிட்டு ரயிலேறிப் போயிட்டேன்.

— அன்னிக்கி ராத்திரி அடிச்சாரு அவள. துருத்திக் கோலால. பாட்டுக் கூட்டத்துலேர்ந்தும் எடுத்துட்டாரு. அடி வாங்கிக்கினு அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. “அப்பா, நான் நடுங்கல. பொட்டிதான் நடுங்குது”ன்னா. பன்னெண்டு வயசு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? “பெரியவங்க சொன்னா எதுத்துப் பேசாதடி”ன்னேன். அதுக்கப்பறம் அவ பாடல. அடுப்புக்கிட்ட கூட முணுமுணுக்கல. ஐப்பசியில வாந்திபேதி வந்துச்சு, ரெண்டு நாளு. போயிட்டா.

— அவதான் சரி. அந்தப் பன்னெண்டு வயசுக் காது சரி. என் முள்ளுந்தான் சரி, ஆனா நான் கேட்ட கேள்வி தப்பு. பங்கு போட்ட அளவுக்குப் பொட்டி ஒழுங்கா இருக்கான்னு பாத்தேன். கொழந்த எந்த அளவுல பாடுதுன்னு பாக்கல. ரெண்டும் பன்னெண்டுதானே, ஒண்ணாத்தான் இருக்கும்னு... என்ன மன்னிச்சுடும்மா.

— இந்த ஒரு வருஷமா கல்நெஞ்சுக்காரன்னு அவரத் திட்டுனேண்ணே. சோறு போடறப்ப தட்ட வீசி வெச்சேன். அழலியே, அழலியேன்னு...

— அழுதிருக்கான். நாப்பத்து நாலு நாக்குலயும் அழுதிருக்கான். பாரு இந்தக் காந்தாரத்த, எத்தினி தடவ தொட்டுத் தொட்டு நிறுத்திக் கேட்டிருக்கான்னு கீறலே சொல்லுது... சரி. கண்ணத் தொடச்சிக்க. நான் களிம்புன்னே எழுதறேன். பொய்தான், எழுதறேன். அவளுக்கு நான் செஞ்ச பாவத்துக்கு உங்க வூடாவது மிஞ்சட்டும். சாமிக்கு என் வார்த்த போதும். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிட்டேன்னா கல்லறத் திருநா பூசைக்குப் பொட்டி தயாராயிடும்.

— சரி பண்றதுன்னா?

— பழயபடி சமமா வெக்கறது. எறங்குனத நுனியில ராவி ஏத்தணும், ஏறுனத அடியில ராவி எறக்கணும்.

— எத்தினி நாக்கு?

— சுத்துக்குப் பதினொண்ணு. அஞ்சரை மட்டும் இருக்கும்.

— காந்தாரமும் போயிடுமா?

— அதத்தான் மொதல்ல ஏத்தணும்.

— அப்பறமா, எப்பவாச்சும், திரும்ப இந்த மாதிரி வெச்சிக்கலாமாண்ணே? நாங்க மட்டும் கேக்க?

— முடியாதும்மா. ராவுன பித்தள திரும்ப வளருமா? இப்பவே இந்த நாக்கு மெலிசாயிடுச்சு. இன்னொரு வாட்டி தாங்கும். மூணாவது வாட்டி அரம் வெச்சா ஒடஞ்சுடும்.

— இன்னொரு தடவ புடிங்க. ச, க. நான் மிதிக்கறேன்.

— எதுக்குமா இப்ப...

— புடிங்கண்ணே.

— ம்.

— ...

— போதுமா? அந்த அரத்த எடுத்தா, மழ வலுக்கறதுக்குள்ள ஆரமிச்சுடறேன்.

— சாமி சொன்னது நெசந்தானேண்ணே? கை பட்டிருந்தா பொட்டியத் தூக்கிக்கினு போன்னாரே. சொன்ன சொல்லு மாற மாட்டாரே?

— மாறாது. அதுக்குத்தானே பயந்து கால்ல வுழுந்த. பயப்படாத, பேனாவ எடுத்துட்டேன். களிம்புன்னு...

— வாணாம். அந்த வார்த்தய அடிச்சுடுங்க.

— அன்னாமேரி, இந்த மழையில வூட்ட வுட்டு எங்க போவீங்க? யோசிச்சுப் பேசு. பொட்டியச் சொமந்துக்கினு ரெண்டு பேரும் ரோட்ல நிப்பீங்களா?

— நிக்கறோம். ஒரு வாட்டி நாம எல்லாரும் சேந்து அவ வாய அடைச்சாச்சு. ரெண்டாவது வாட்டி எங்கையால அரம் எடுத்துக் குடுக்க மாட்டேன். எழுதுங்கண்ணே, நாப்பத்து நாலு நாக்குலயும் மனுஷன் கைதான் பட்டிருக்குன்னு.